பழுதான மீட்டர், பெருத்த பில்

2022 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் குவாலியர் நகரில் ஒரு வீட்டுக்கு 3,419 கோடி ரூபாய் மின்கட்டணம் வந்தது. யூனிட் எழுத வேண்டிய இடத்தில் ஊழியர் ஒருவர் வாடிக்கையாளர் எண்ணை எழுதிவிட்டதுதான் காரணம் என்று மின்சாரத் துறை ஒப்புக்கொண்டது. பில் சுமார் 1,300 ரூபாயாகத் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் புதுச்சேரியில் டி.வி. மெக்கானிக் ஒருவருக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் பில் வந்தது. மீட்டர் ரீடிங்கைப் பதியும்போது கடைசியில் ஒரு சைபர் கூடிவிட்டதே அங்கே நடந்த தவறு.

இப்படிப்பட்ட பில்கள் நாளிதழில் படத்தோடு வந்துவிடும். ஓரிரு நாளில் திருத்தப்பட்டும் விடும். ஒரு வீடு கோடி ரூபாய்க்கு மின்சாரம் செலவழிக்காது என்பதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. வழக்கமாக ஆயிரம் ரூபாய் கட்டும் வீட்டுக்கு ஒன்பதாயிரம் வரும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. "ஏ.சி. போட்டிருப்பீங்க", "சொந்தக்காரங்க வந்திருப்பாங்க", "மொதல்ல பில்லக் கட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று கவுன்டரில் பதில் வரும். அந்தத் தொகை நம்பும்படி இருப்பதால், நம்பக்கூடாது என்று காட்டும் பொறுப்பு வீட்டுக்காரரின் தலையில் விழுகிறது. அதைச் சட்டம் எந்த அளவுக்குக் குறைத்திருக்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

கணக்குக்காகத் தமிழ்நாட்டில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 2023 அக்டோபர், நவம்பரில் 350 யூனிட், டிசம்பர், ஜனவரியில் 370, பிப்ரவரி, மார்ச்சில் 390. அடுத்த ஏப்ரல், மே கணக்கெடுப்பில் திடீரென்று 1,240 யூனிட். 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்து அப்போதும் நடப்பில் இருந்த கட்டணப்படி, 390 யூனிட்டுக்கு அந்த வீடு கட்டியது 1,080 ரூபாய். 1,240 யூனிட்டுக்கு வந்த பில் 9,190 ரூபாய். யூனிட் மூன்று மடங்கு ஏறியது. தொகையோ எட்டரை மடங்கு.

இந்தப் பாய்ச்சலுக்குக் காரணம் கட்டணப் படிநிலை. அப்போது முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசமாக இருந்தது. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2.25 ரூபாய்தான் வாங்கினார்கள். 500ஐத் தாண்டிய கணத்தில் அந்தச் சலுகை போய்விட்டது. அந்த நூறு யூனிட்டுக்கும் 4.50 ரூபாய் ஆனது. அதற்கு மேல் 8, 9, 10 என்று ஏறி, ஆயிரத்தைத் தாண்டினால் யூனிட்டுக்கு 11 ரூபாய் ஆனது. 2024 ஜூலையில் விகிதங்கள் சற்று உயர்ந்தபோதும் இந்தப் படிக்கட்டு மாறவில்லை. ஆகவே மீட்டர் தப்பாகக் காட்டும் ஒவ்வொரு யூனிட்டும் மிக உயர்ந்த விலையில்தான் கணக்கில் ஏறும். தவறான பில் 'கொஞ்சம் கூடுதல்' என்ற அளவில் நிற்காததற்கு இதுவே காரணம்.

புகார் எழுதுவதற்கு முன் மூன்று சந்தேகங்களைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். முதலாவது, ரீடிங்கே தவறாகப் பதியப்பட்டதா என்பது. பில்லில் இருக்கும் ரீடிங்கையும் மீட்டரில் இப்போது தெரியும் எண்ணையும் ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும். பில்லில் உள்ள எண் மீட்டரைவிடப் பெரிதாக இருந்தால் சோதனைக்கூடம் எதுவும் வேண்டாம். ஒரு புகைப்படமே போதும். மீட்டர் சமீபத்தில் மாற்றப்பட்டிருந்தால் பழைய மீட்டரின் இறுதி ரீடிங்கும் புதியதின் தொடக்க ரீடிங்கும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று பிழையானால் வித்தியாசம் முழுவதும் 'பயன்பாடு' ஆகிவிடும்.

இரண்டாவது சந்தேகம் வீட்டு வயரிங். இப்போதைய மின்னணு மீட்டர்களில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். மின்சாரம் செலவாகச் செலவாக அது வேகமாக மின்னும். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு அதைக் கவனிக்க வேண்டும். அப்போதும் மின்னினால், மீட்டருக்கு அடுத்துள்ள மெயின் சுவிட்சையும் இறக்கிப் பார்க்க வேண்டும். மெயினை இறக்கியதும் மின்னுவது நின்றால், மின்சாரம் வீட்டு வயரிங்கில் எங்கோ கசிகிறது, அல்லது பக்கத்து வீட்டு இணைப்பு கலந்திருக்கிறது. அது எலக்ட்ரீஷியனுக்கான வேலை. வாரியத்தின் மீது புகார் சொல்லிப் பயனில்லை. மெயினை இறக்கிய பிறகும் மின்னிக்கொண்டே இருந்தால், மீட்டருக்கும் மெயினுக்கும் இடையில் யாரும் இணைப்பு எடுக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டால், பழுது மீட்டரில்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

மூன்றாவது, மீட்டர் ஓடுகிறது, ஆனால் வேகமாக ஓடுகிறது என்ற சந்தேகம். இதற்கும் வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. மீட்டரின் முகப்பில் imp/kWh என்ற எழுத்துகளுக்கு அருகே ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு விளக்கு எத்தனை முறை மின்னும் என்பதே அந்த எண். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் ஹீட்டர் ராடை வாளித் தண்ணீரில் முழுக வைத்து ஆறு நிமிடம் ஓட்டினால் பத்தில் ஒரு பங்கு யூனிட் செலவாகும். விளக்கு 320 முறை மின்ன வேண்டும். வாளியருகே ஒருவர் நிற்க வேண்டும். ராடு ஓடும்போது தண்ணீரைத் தொடக்கூடாது. இஸ்திரிப் பெட்டி இந்தச் சோதனைக்கு ஆகாது, சூடானதும் தானே அணைந்து அணைந்து எரியும். வோல்டேஜ் குறைந்தால் ராடு இழுக்கும் மின்சாரமும் குறையும். ஆகவே 270, 280 என்று எண்ணிக்கை வந்தால் அதிசயமில்லை. 500, 600 என்று வந்தால் மீட்டரைச் சந்தேகிக்க வலுவான காரணம் இருக்கிறது. எண்ணிக்கை சரியாக வந்துவிட்டாலும் மீட்டர் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. இலக்கங்கள் எப்போதாவது ஒருமுறை மட்டும் தாவுகிற பழுது ஆறு நிமிடத்தில் பிடிபடாது.

சோதனையின்போது மீட்டர் பெட்டியின் சீலைத் தொடவே கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். சீல் உடைந்திருந்தால் விவகாரம் 'மீட்டர் பழுது' என்பதிலிருந்து 'மீட்டரில் கைவைத்தது' என்பதற்குத் தடம் மாறிவிடும். அப்படி மாறினால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவு குறுக்கே வரும். அதன்படி போடப்படும் மதிப்பீட்டை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்கே தொகையில் பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். அந்த வகை மதிப்பீட்டை எதிர்த்து நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. பரிசோதனைக்கு வரும் அதிகாரி எதையாவது எழுதிக் கையெழுத்துக் கேட்டால், படித்துப் பார்த்து, 'சீல் சரியாக இருந்தது' என்ற வரி அதில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டே போட வேண்டும்.

அடுத்தது புகார். வாய்ச்சொல் எடுபடாது. மின்னகத்துக்குப் போன் செய்து புகார் எண் வாங்குவது நல்லதே என்றாலும், பணம் சம்பந்தப்பட்ட சண்டைக்கு அதுமட்டும் போதாது. பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் பெயருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் விரைவுத் தபால். கடிதம் அரைப் பக்கம் இருந்தால் போதும்: மின் இணைப்பு எண், மீட்டரின் வரிசை எண், கடந்த ஆறு கணக்கெடுப்பின் யூனிட்டுகள், இப்போதைய பில்லின் யூனிட்டும் தொகையும், செய்து பார்த்த சோதனையின் முடிவு. கடைசியில், மீட்டரைப் பரிசோதிக்கவும் சரிபார்ப்பு மீட்டர் பொருத்தவும் வேண்டும் என்ற கோரிக்கை.

இந்தச் சரிபார்ப்பு மீட்டர் புதிதாக வந்த உரிமை. மத்திய அரசின் மின்சார நுகர்வோர் உரிமை விதிகள் 2020இல் வந்தன. அவற்றில் 2024 பிப்ரவரியில் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. உண்மையான பயன்பாட்டுக்கும் மீட்டர் ரீடிங்குக்கும் பொருந்தவில்லை என்று நுகர்வோர் புகார் செய்தால், ஐந்து நாளுக்குள் இன்னொரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அந்தத் திருத்தம். 'வீட்டில் என்ன ஓட்டினீர்கள்' என்ற முடிவில்லாத விவாதத்துக்கு இதைவிட நேர்மையான விடை கிடையாது. ஒரே மின்சாரம் இரண்டு மீட்டர் வழியாகப் போகிறது. எண்கள் வேறுபட்டால் பேச்சு முடிந்தது. பிரிவு அலுவலகத்தில் எல்லோரும் இந்தத் திருத்தத்தை அறிந்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. விதியின் பெயரையும் ஆண்டையும் கடிதத்திலேயே குறிப்பிடுவது பலன் தரும்.

அதே விதிகளின்படி புகார் வந்த 30 நாளுக்குள் மீட்டரைச் சோதிக்க வேண்டும். சோதனை முடிவில் நுகர்வோருக்கு உடன்பாடு இல்லையென்றால், ஒழுங்குமுறை ஆணையம் அங்கீகரித்த வெளிச் சோதனைக்கூடத்தில் மறுபடி சோதிக்கக் கேட்கலாம்.

பலர் கோட்டைவிடும் இடம் இதற்கு நடுவில்தான் இருக்கிறது. புகார் கொடுத்ததும் ஊழியர் வந்து பழைய மீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் போவார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் பழைய மீட்டர்தான் வழக்கின் ஒரே சாட்சி. அது கிடங்கில் மற்ற மீட்டர்களோடு கலந்துவிட்டால் பழுது இருந்ததா இல்லையா என்பதைப் பிறகு யாராலும் சொல்ல முடியாது. கழற்றும் முன் இறுதி ரீடிங்கும் வரிசை எண்ணும் சீலும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மீட்டரைத் தனியே பொதிந்து சீல் வைத்து, வாரியத்தின் மீட்டர் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும்படியும், சோதனை நாளைத் தெரிவிக்கும்படியும் எழுதிக் கேட்க வேண்டும். அறிக்கையின் நகலை வாங்கியே தீர வேண்டும்.

மீட்டர் பழுது என்று அறிக்கை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீடு எவ்வளவு கட்ட வேண்டும்? அதிகாரியின் ஊகத்துக்கு இதில் இடம் மிகக் குறைவு. தமிழ்நாடு மின்வழங்கல் விதித்தொகுப்பின் 11ஆவது விதி வழியைத் தெளிவாகச் சொல்கிறது. பழுதான காலத்துக்கு முந்தைய நான்கு மாதங்களின் சராசரியை எடுக்க வேண்டும். நம் வீட்டில் அது 370, 390 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகள். சராசரி 380 யூனிட். அதற்குக் கட்டணம் 1,035 ரூபாய். 9,190 எங்கே, இது எங்கே!

ஆனால் விதியில் ஒரு நிபந்தனை உண்டு. அந்த நான்கு மாதங்களில் மின்சாரம் பயன்படுத்திய சூழலும் பழுதான காலத்தின் சூழலும் ஒன்றாக இருக்க வேண்டும். டிசம்பர் குளிரையும் மே மாத வெயிலையும் ஒப்பிட முடியாது என்று வாரியம் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. அப்போது, முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்குள் சூழல் ஒத்திருந்த தொடர்ச்சியான நான்கு மாதங்களை எடுக்க வேண்டும். அந்த வீடு முந்தைய ஆண்டு ஏப்ரல், மேயில் 460 யூனிட்டும் ஜூன், ஜூலையில் 440 யூனிட்டும் செலவழித்திருந்தால் சராசரி 450. கட்டணம் 1,425 ரூபாய். அப்படி எந்த நான்கு மாதமும் பொருந்தவில்லை என்றால் மட்டுமே, வீட்டிலுள்ள சாதனங்களின் மொத்த வாட்டையும் அவை ஓடும் மணி நேரத்தையும் கொண்டு பொறியாளர் மதிப்பிடலாம். அதிலும் உடன்பாடு இல்லையென்றால் அடுத்த நிலை அதிகாரியிடம் போகலாம்.

பழைய பில்களின் அருமை இங்கேதான் தெரியும். ஓராண்டு ரீடிங் கையில் இருக்கும் வீட்டுக்காரர் எந்தச் சராசரி சரி என்று வாதிடலாம். இல்லாதவர், சொன்னதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். வெள்ளை அட்டையில் எழுதிய காலத்தில் இந்தக் கணக்கு வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது; அழித்தால் போயிற்று.

கவலை தருவது இன்னொன்றும் இருக்கிறது: இந்தப் பரிசோதனையெல்லாம் முடியும்வரை பில்லுக்குக் கெடு இருக்கிறதே? கட்டாவிட்டால் ஃபீஸைப் பிடுங்கிவிடுவார்களே? இந்தப் பயத்தில்தான் பெரும்பாலோர் கடன் வாங்கியாவது முழுத் தொகையையும் கட்டிவிடுகிறார்கள். மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இணைப்பைத் துண்டிக்கும் முன் முழுதாக 15 நாள் அவகாசம் தந்து எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதோடு, தகராறு தீரும்வரை கேட்ட தொகையையோ, கடந்த ஆறு மாதம் கட்டியதன் மாதச் சராசரிப்படி வரும் தொகையையோ, எது குறைவோ அதை 'ஆட்சேபத்துடன்' செலுத்தினால் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

நம் வீடு முந்தைய மூன்று பில்லுக்குக் கட்டியது 900, 990, 1,080 ரூபாய். ஆறு மாதத்துக்கு 2,970. மாதச் சராசரி 495. இரண்டு மாதத்துக்கு 990 ரூபாய். சட்டப்படி இதைக் கட்டினால் போதும்.

நடைமுறையில் தடை ஒன்று உண்டு. இணையத்திலும் கவுன்டரிலும் கணினி பொதுவாக முழுத் தொகையைத்தான் கேட்கும். அதனால் இந்தக் கணக்கை முதல் கடிதத்திலேயே எழுதி, 56ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, இவ்வளவு தொகையை ஆட்சேபத்துடன் ஏற்கும்படி உதவிப் பொறியாளரையும் செயற்பொறியாளரையும் கேட்க வேண்டும். அவர்கள் அசையவில்லை என்றால் வங்கி வரைவோலை எடுத்துக் கடிதத்துடன் விரைவுத் தபாலில் அனுப்புவது உண்டு. அதற்கும் வழியில்லாமல் முழுத் தொகையையும் கட்ட நேர்ந்தால், கட்டும் நாளிலேயே 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று ஒரு கடிதம் கொடுத்துவிட வேண்டும். கட்டியதாலேயே பில்லை ஒப்புக்கொண்டார் என்ற பேச்சு பிறகு எழாது.

பிரிவு அலுவலகத்தில் தீரவில்லை என்றால் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும், மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் அது இயங்குகிறது. வக்கீல் வேண்டியதில்லை. முதல் கடிதத்தின் நகல், பில்கள், படங்கள், சோதனை அறிக்கை ஆகியவற்றோடு, என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் சொல்ல வேண்டும்: '11ஆவது விதிப்படி 380 யூனிட்டுக்குப் பில்லைத் திருத்தி, கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும்.' குறை தீர்க்க அதிகபட்சம் 45 நாள் என்று மத்திய விதிகள் சொல்கின்றன. மன்றத்தில் வாரியத்தின் அதிகாரியே தலைமை வகிப்பதால் அங்கே நியாயம் கிடைக்குமா என்ற கேள்வி இயல்பானது. அதனால்தான் அதற்கு மேலே, வாரியத்தைச் சாராத மின் குறைதீர்ப்பாளர் சென்னையில் இருக்கிறார். மன்றத்தின் உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் அவரிடம் முறையிட வேண்டும். மன்றத்துக்குப் போகாமல் நேரே குறைதீர்ப்பாளரிடம் போனால் மனு திரும்பி வந்துவிடும். மாதங்கள் இப்படி வீணாவது வழக்கம்.

மீட்டர் எதிர்த்திசையிலும் பழுதாகலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நின்றுபோன மீட்டர், மெதுவாக ஓடும் மீட்டர், கணக்கில் தவறான பெருக்கு எண். இவற்றால் வாரியத்துக்கு வர வேண்டியது குறைந்திருந்தால் அதைப் பின்னர் கேட்கும் உரிமை வாரியத்துக்கு உண்டு. பானிப்பட்டில் ஒரு பஞ்சாலைக்கு ரீடிங்கைப் பத்தால் பெருக்குவதற்குப் பதிலாக ஐந்தால் பெருக்கிப் பல மாதம் பில் போட்டுவிட்டார்கள். பிறகு ஒரு கோடியே 35 லட்சம் ரூபாய் கேட்டபோது ஆலை எதிர்த்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் ஆலையின் வாதத்தை ஏற்கவில்லை. இதற்கு முந்தைய ஆண்டில் அஜ்மீர் மின் பகிர்மான நிறுவனத்தின் வழக்கில், இரண்டு ஆண்டு கடந்த பழைய நிலுவையைக் கேட்கலாம், ஆனால் அதற்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. மீட்டர் நின்றுவிட்டது தெரிந்தும் 'குறைவாகத்தானே வருகிறது' என்று பேசாமல் இருப்பது வீட்டுக்காரருக்கு லாபமில்லை. எல்லாம் சேர்ந்து ஒருநாள் வரும்.

பழுதான மீட்டரை மாற்றாமலே சராசரி பில் போட்டுக்கொண்டிருப்பதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது. ஒரு நிதியாண்டில் இரண்டு தற்காலிக பில்லுக்கு மேல் போடக்கூடாது என்று 2020 விதிகள் சொல்கின்றன. தற்காலிக பில் இரண்டு கணக்கெடுப்புக் காலத்தைத் தாண்டித் தொடர்ந்தால், உண்மையான ரீடிங்கின்படி பில் வரும்வரை கட்ட மறுக்கலாம்.

வென்றபின் பணம் எப்படித் திரும்பும் என்பதை விதித்தொகுப்பின் 12ஆவது விதி சொல்கிறது. கூடுதலாக வாங்கிய தொகையை, அது கட்டப்பட்ட நாளிலிருந்து வட்டியோடு தர வேண்டும். வைப்புத்தொகைக்கு வாரியம் தரும் அதே வட்டி. காசோலையாக வாங்குவதா, அடுத்த இரண்டு பில்லுக்குள் கழித்துக்கொள்வதா என்று தேர்ந்தெடுப்பது நுகர்வோரின் உரிமை. வட்டி தானாக வந்து சேரும் என்று காத்திருக்க வேண்டாம். உத்தரவு வந்ததும், எந்த வழியில் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்; அடுத்த பில்லில் அசலோடு வட்டியும் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.